தோசைக் கணக்கில் விடுபடும் சாம்பார்

மசாலா தோசையை 60 ரூபாய்க்கு விற்கும் ஒரு சிறிய டிபன் கடையை எடுத்துக்கொள்வோம். மாவு 8, எண்ணெய் 3, உருளைக்கிழங்கு மசாலா 6 எனக் கூட்டினால் 17 ரூபாய். அதை விற்பனை விலையால் வகுத்து 100-ஆல் பெருக்கினால், பொருள் செலவு சுமார் 28 சதவீதம்.

சாம்பாரும் சட்னியும் எங்கே?

மறுமுறை ஊற்றுவதையும் சேர்த்து அவற்றுக்கு 7 ரூபாய் ஆனால், செலவு 24 ரூபாய். அதாவது 40 சதவீதம். கரண்டி அளவை முறைப்படுத்தி 2 ரூபாயைக் குறைத்து, விலையை 65 ஆக்கினால் 34 சதவீதத்துக்கு இறங்கும்.

சதவீதத்தை மட்டும் பார்த்து எந்தப் பண்டத்தையும் நிறுத்தக் கூடாது. 15 ரூபாய் டீக்கு 5 ரூபாய் செலவு, 33 சதவீதம்தான். ஆனால் மிஞ்சுவது 10 ரூபாய். பழைய விலைத் தோசையிலேயே 36 ரூபாய் மிஞ்சியது. வாடகை, கூலி, எரிவாயு எல்லாம் இந்த மிச்சத்திலிருந்தே போகின்றன. தேங்காய், பருப்பு விலை ஏறும்போதெல்லாம் கணக்கைப் புதிதாகப் போடுங்கள்.