தவறான விடையும் முழு எண்ணாக வரட்டும்

ஒரு கணக்கை முழுதாகப் போட்டுக் காட்டி, உள்ளே ஒரு பிழையை வைத்து, ‘எந்தப் படியில் தவறு?’ என்று கேட்பது மிகப் பழைய வழக்கம். பொய்யான நிரூபணங்களை அடையாளம் காண மாணவர்களைப் பழக்குவதற்காக யூக்ளிட் தனியாக ஒரு நூலே எழுதியதாகப் புரோக்ளஸ் சொல்கிறார். அந்த நூல் நமக்குக் கிடைக்கவில்லை. இப்படிப்பட்ட கேள்வியைத் தயாரிப்பது சுலபம் என்று தோன்றும். சரியான தீர்வில் ஒரு எண்ணை மாற்றி எழுதினால் போதாதா? போதாது. 7 × 8 = 54 என்று ஒரு வரியில் எழுதி வைத்தால், கண்டுபிடிக்கிற பிள்ளைக்கு அதில் யோசிக்க ஒன்றுமில்லை. வைக்கிற பிழைக்குப் பின்னால் ஒரு நினைப்பு இருக்க வேண்டும். ‘இப்படித்தானே செய்ய வேண்டும்?’ என்று நம்பி ஒரு மாணவர் செய்த பிழையாக அது இருக்க வேண்டும். அதற்கு நல்ல இடம் திருத்திய விடைத்தாள்கள்தாம்.

எட்டாம் வகுப்பு அளவில் அப்படி அடிக்கடி வருகிற ஒன்றை எடுத்துக்கொள்வோம். அடைப்புக்குறிக்கு முன்னால் கழித்தல் குறியோடு ஒரு எண் நிற்கும்போது, உள்ளே இருக்கும் இரண்டாவது உறுப்பின் குறியை மாற்றாமல் விட்டுவிடுவது. 5 − 2(x − 3) = 3x + 1 என்ற சமன்பாட்டில் −2(x − 3) என்பதை −2x − 6 என்று விரித்துவிடுவார்கள்; வர வேண்டியது −2x + 6.

இந்தச் சமன்பாட்டையே கேள்வியாக வைத்தால் என்ன ஆகும்? சரியான விடை 2. பிழையோடு போனால் −2/5. கடைசி வரியில் பின்னத்தைப் பார்த்ததுமே பிள்ளைகள் உஷாராகிவிடுவார்கள். பாடப்புத்தகக் கணக்குகளுக்கு விடை அழகாக வரும் என்பது அவர்களுக்குத் தெரிந்த விஷயம். ஆகவே தவறான விடையும் முழு எண்ணாகவே வரும்படி எண்களைத் தேட வேண்டும். அதற்குக் கணக்கு இருக்கிறது. +6 வர வேண்டிய இடத்தில் −6 வந்தால் வித்தியாசம் 12. x உறுப்புகளை ஒரே பக்கம் சேர்த்தால் 5x. 12-ஐ 5 வகுக்காது. எனவே இரண்டு விடையும் ஒரே சமயத்தில் முழு எண்ணாக வரவே முடியாது. அடைப்புக்குறிக்குள் 3-க்குப் பதில் 5 போட்டால் வித்தியாசம் 20 ஆகிறது. அதை 5 வகுக்கும்.

இப்போது 23 − 2(x − 5) = 3x + 3 என்று அமைக்கலாம். சரியான விடை 6, குறியை மாற்றாமல் விட்டால் 2. இரண்டும் முழு எண்கள். வேலை முடிந்தது என்று இங்கே நிறுத்துபவர்கள் உண்டு. ஆனால் இதே வகுப்பில் இன்னொரு பிழையும் சகஜம்: பெருக்குவதற்கு முன்பே 23-இலிருந்து 2-ஐக் கழித்து 21(x − 5) என்று எழுதுவது. அந்த வழியில் போய்ப் பாருங்கள். 21x − 105 = 3x + 3, அதாவது 18x = 108, x = 6. சரியான விடையே வந்துவிடுகிறது! x 6 ஆகும்போது அடைப்புக்குறிக்குள் 1 வருகிறது; 1-ஆல் பெருக்கும்போது, முதலில் கழித்தாலும் பிறகு கழித்தாலும் 21 தான். அந்தப் பிழை செய்த பிள்ளை விடையைச் சமன்பாட்டில் போட்டுச் சரிபார்த்தாலும் எல்லாம் ஒத்துப்போகும். தன் முறை சரி என்றே நம்பிவிடும்.

அதனால் எண்களைத் தேர்ந்த பிறகு, வழக்கமான பிழைகள் ஒவ்வொன்றையும் அந்தச் சமன்பாட்டில் ஓட்டிப் பார்ப்பது கட்டாயம். 27 − 2(x − 5) = 3x + 2 என்று மாற்றினால் நிலைமை தெளிவாகிறது. சரியான விடை 7. குறியை மாற்றாமல் விட்டால் 3. இரண்டாவது உறுப்பை 2-ஆல் பெருக்காமல், குறியையும் மாற்றாமல் விட்டால் 4. குறியை மட்டும் மாற்றி, பெருக்க மறந்தால் 6. முதலிலேயே கழித்துவிட்டால் 127/22 என்று ஒரு பின்னம். ஒவ்வொரு பிழைக்கும் ஒவ்வொரு விடை; பிள்ளையின் விடையைப் பார்த்தே என்ன செய்திருக்கும் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

எண் முடிவானதும் தீர்வை எழுதலாம்.

படி 1: 27 − 2(x − 5) = 3x + 2
படி 2: 27 − 2x − 10 = 3x + 2
படி 3: 17 − 2x = 3x + 2
படி 4: 17 − 2 = 3x + 2x
படி 5: 15 = 5x
படி 6: x = 3

ஒரு படியில் ஒரே ஒரு வேலைதான் நடக்கிறது. விரிப்பதையும் சேர்ப்பதையும் ஒரே வரியில் செய்திருந்தால், பிழை எதில் என்று சுட்டிக்காட்ட இடமில்லாமல் போகும். இரண்டாம் படிக்குப் பிறகு வருவதெல்லாம் அதற்கு முந்தைய வரியிலிருந்து முறையாக வந்தவை. ஆகவே ‘எந்தப் படி தவறு?’ என்று கேட்டால், மூன்று முதல் ஆறு வரை எல்லாமே தவறுதானே என்று ஒரு மாணவர் வாதாடலாம். அவர் பக்கம் நியாயமும் உண்டு. ‘பிழை முதலில் நுழைந்த படி எது?’ என்று கேட்க வேண்டும்.

இதைக் கண்டுபிடிக்கச் சரியான விடை தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. கிடைத்த x = 3-ஐக் கீழிருந்து மேலாக ஒவ்வொரு வரியிலும் போட்டுப் பார்த்தால் போதும். ஐந்து, நான்கு, மூன்று ஆகிய வரிகளில் இரு பக்கமும் ஒத்துப்போகும். இரண்டாம் படியிலும் 27 − 6 − 10 = 11, வலப்பக்கமும் 11. முதல் படியிலோ இடப்பக்கம் 27 − 2(−2) = 31; வலப்பக்கம் 11. இரண்டுக்கும் நடுவில்தான் அறுந்திருக்கிறது. இந்த வழி எல்லா இடத்திலும் கைகொடுக்காது என்பதற்கு 21(x − 5) கணக்கே சாட்சி. அங்கே 6-ஐப் போட்டால் எந்த வரியிலும் அறுபடாது. அப்போது x-க்கு 0 மாதிரி வேறு ஒரு எண்ணைப் போட்டு, இடப்பக்கம் மட்டும் ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்கு மாறுகிறதா என்று பார்க்க வேண்டும்: 23 − 2(−5) = 33, 21(−5) = −105.

கடன் வாங்கிக் கழிக்கும் சின்ன வகுப்புக் கணக்கிலும் இதே கவனம் வேண்டும். 1978-இல் ஜான் சீலி பிரௌன், ரிச்சர்ட் பர்ட்டன் இருவரும் குழந்தைகளின் கழித்தல் பிழைகளை ஆராய்ந்து, அவற்றில் பல வெறும் கவனக்குறைவு அல்ல, ஒரே ஒழுங்கில் திரும்பத் திரும்ப வருபவை என்று காட்டினார்கள். அவற்றில் பிரசித்தமானது, மேலே எது கீழே எது என்று பாராமல் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழிப்பது. இன்னொன்று, கடன் வாங்கிவிட்டுப் பத்தின் இடத்தில் ஒன்றைக் குறைக்க மறப்பது. 63 − 28 என்று கொடுத்தால் இரண்டு பிழைக்கும் விடை 45 தான். குழந்தை எதைச் செய்தது என்று தெரியாது. 74 − 38 என்று கொடுத்தால் முதல் பிழைக்கு 44, இரண்டாவதற்கு 46. ஒன்றின் இடத்து இலக்கங்களின் வித்தியாசம் 5 ஆக இருந்தால்தான் இந்தக் குழப்பம் வரும் என்பதால், அதை மட்டும் தவிர்த்தால் போதும்.

மதிப்பெண் பிரிப்பதில் ஒரு விஷயம். ஆறு படிகள் இருக்கும் கேள்வியில் படியின் எண்ணைச் சொல்வதற்கே முழு மதிப்பெண் கொடுத்தால், குருட்டாம்போக்கில் சொல்பவருக்கும் அது கிடைக்கும். படியைச் சொல்ல ஒன்று, போட்டவர் என்ன நினைத்து −10 எழுதினார் என்று ஒரு வாக்கியத்தில் விளக்க இரண்டு, அந்த இடத்திலிருந்து திருத்தி முடிக்க ஒன்று என்று பிரிப்பதே என் விருப்பம். விளக்கத்தில் ‘குறி தப்பு’ என்று மட்டும் எழுதினால் பாதிதான் தருவேன். −2 என்பது −5-ஐயும் பெருக்குகிறது, எனவே +10 வரும் என்று சொன்னால் முழுதும்.

ஐந்தாறு கேள்விகள் கொண்ட தாளில் ஒன்றாவது பிழையே இல்லாத தீர்வாக இருக்கட்டும். அதன் விடை பின்னமாக இருந்தால் இன்னும் நல்லது. ‘பிழை இருந்தால் சுட்டிக்காட்டு, இல்லையென்றால் இல்லை என்று எழுதி, விடையைப் போட்டுச் சரிபார்’ என்று கேள்வியை எழுதிவிட்டால், பின்னத்தைப் பார்த்து மிரண்டவர் யார், வரி வரியாகப் படித்தவர் யார் என்பது விடைத்தாளில் தெரிந்துவிடும்.