நிச்சயதார்த்தத்தில் தம்பி பேசிய இரண்டு நிமிஷம்

யாழ்ப்பாணத்துச் சைவக் கலியாணத்தில் பெண்ணின் சகோதரனுக்கு என்று ஓர் இடம் உண்டு. அவனே மாப்பிள்ளையின் தோழன். வாசலில் மாப்பிள்ளையின் காலைக் கழுவுபவன் அவன். அதற்குக் கைம்மாறாக மோதிரம் பெறுபவனும் அவனே. அவன் செய்ய வேண்டியவை யாவும் முன்னோர் வகுத்து வைத்தவை. வாய் திறக்க வேண்டிய தேவை அவனுக்கு அங்கே கிடையாது.

நிச்சயதார்த்தத்தின் கதை வேறு. இங்கே பெரியவர்கள் தாம்பூலம் மாற்றுவார்கள், மோதிரம் மாற்றப்படும், பல வீடுகளில் அன்றைக்கே ‘எழுத்து’ம் முடிந்துவிடும். தம்பிக்கோ தமையனுக்கோ சடங்கில் ஒரு வேலையும் இல்லை. இல்லாததனாலேதான் போலும், “பெண்ணின் சகோதரர் இரண்டு வார்த்தை பேசுவார்” என்று ஒலிபெருக்கியை அவன் கையில் கொடுக்கும் வழக்கம் பரவியிருக்கிறது. நல்ல வழக்கமே. ஆயின் இது எத்துணை இக்கட்டான மேடை என்பதைக் கொடுப்பவர் சிந்திப்பதில்லை. எதிரே இருப்பவர்களிற் பாதிப்பேர் இன்னும் உறவாகாத உறவினர். அவர்கள் சிரிக்கவும் ஆயத்தமாயிருக்கிறார்கள், அளக்கவும் ஆயத்தமாயிருக்கிறார்கள்.

எம்மிடம் முன்பு படித்த இளைஞர் ஒருவர், தம் தமக்கையின் நிச்சயதார்த்தத்துக்கு ஒரு வாரம் முன்னதாக நாலு பக்கத் தாளொன்றைக் கொண்டுவந்து, “மாஸ்டர், இதை ஒருக்காப் பார்த்துத் திருத்தித் தாருங்கோ” என்றார். கடிகாரத்தை வைத்துக்கொண்டு உரக்க வாசிக்கச் சொன்னோம். 11 நிமிஷம் சென்றது. முதல் இரண்டு நிமிஷமும் விளிப்புகளே. பெரியப்பா, சித்தப்பா, மாமன்மார், சம்பந்தியார், குருக்கள் ஐயா என்று ஒவ்வொருவரையும் ‘அவர்களே’ போட்டு அழைத்திருந்தார். பள்ளிக்கூடத்துப் பேச்சுப் போட்டியில் நாமே பழக்கிவிட்ட பழக்கந்தான் அது! நிச்சயதார்த்தச் சபையில் அதற்கு ஒரு தனி ஆபத்து உண்டு. ஒன்பது பேரைப் பெயர் சொல்லி அழைத்தால் பத்தாவது பெரியவர் அதைக் கலியாண வீடு வரை மறக்கமாட்டார். ஒருவரையும் பிரித்துச் சொல்லாத ஒரு வணக்கம் எல்லாருக்கும் பொதுவாகிவிடும்.

அடுத்து இரண்டு குறள், ஒரு சங்கப் பாட்டு. இலக்கியம் படித்தவர் வேறென்ன செய்வார்? அவற்றை நீக்கச் சொன்னபோது அவர் முகம் வாடிற்று. அந்த அடிகள் எந்தப் பெண்ணின் நிச்சயதார்த்தத்திலும் சொல்லத்தக்கவை. அவருடைய தமக்கையை அறிந்த ஒருவர்தான் சொல்லக்கூடிய செய்தி அவற்றில் இல்லை. சபை தம்பியிடம் எதிர்பார்ப்பது அந்த ஒன்றைத்தான்.

மூன்றாம் பக்கத்தில் நகைச்சுவை தொடங்கியது. அக்காவுக்குக் கோபம் வந்தால் வீட்டில் பூனையும் நிற்காது. அக்கா சேலை உடுத்துவதற்குள் பஸ் கொழும்புக்கே போய்விடும். அக்காவின் சாம்பாரைச் சாப்பிட்டவன் என்ற முறையில் அத்தானுக்கு அனுதாபம் தெரிவிக்கிறேன். இவ்வளவும் வீட்டுக் குசினியில் இருந்து சொன்னால் அக்காவே முதலிற் சிரிப்பாள். ஆனால் மாப்பிள்ளையின் தாயார் அவளை இரண்டொரு முறைதான் கண்டவர். அவருக்கு இவை பகிடியாகக் கேட்கமாட்டா, தகவலாகவே கேட்கும். அன்று அவரும் சிரிப்பார். மூன்று வருஷங் கழித்து ஏதோ ஒரு நாள் அடுப்பங்கரையில் ஒரு சிறு மனத்தாங்கல் வரும்போது, “உன்ரை தம்பியே அண்டைக்குச் சபையிலை சொன்னவன்தானே” என்று அந்தப் பகிடி திரும்பி வரும். அப்பொழுது அதற்கு மறுமொழி சொல்லத் தம்பி அங்கே இருக்கமாட்டான். மாப்பிள்ளையைப் பார்த்து, ‘இனி உமக்கு விடுதலை இல்லை’ என்ற மாதிரிப் பேசுவதும் இவ்வகையினதே. அது பெண்ணைச் சிறைச்சாலையாக்கும் பகிடி.

“அப்படியானால் யாரைத்தான் பகிடி பண்ணுவது, மாஸ்டர்?” என்றார்.

அந்தச் சபையில் பகிடிக்கு முற்றாக உரிமை கொடுக்கக்கூடியவர் ஒருவரே: பேசுபவர். தாம் முட்டாளாகவோ கள்ளனாகவோ நின்ற ஒரு சம்பவத்தை அவர் எடுத்துக்கொள்ள வேண்டும். அதே சம்பவத்தில் தமக்கை உயர்ந்து நிற்கவும் வேண்டும். பிறந்த நாள் தொட்டு வரலாறு சொல்லத் தொடங்காமல் அந்த ஒரு சம்பவத்தோடு நின்றுவிட்டால் சுருக்கமும் தானே அமைந்துவிடும். சிறிது நேரம் யோசித்திருந்தவர் திடீரெனத் தனக்குள்ளே சிரிக்கத் தொடங்கினார். “ஒன்று இருக்கிறது. அக்காவுக்கே இன்னும் சொல்லவில்லை” என்றார்.

அந்தச் சம்பவத்தை எழுதிக்கொண்டு போய் முதலில் தாயாருக்கு மட்டும் வாசித்துக் காட்டும்படி சொன்னோம். அக்காவுக்குக் காட்டினால் ‘இன்றுதான் சொல்கிறேன்’ என்ற பேச்சே பொய்யாகிவிடும். ஒருவருக்கும் காட்டாமற் பேசுவதோ துணிச்சல். தாயார் ஒரேயொரு வசனத்தை வெட்டச் சொன்னாராம். ‘பஸ்ஸுக்குக் காசில்லாத காலம்’ என்று அதில் இருந்தது. “அதை ஏன் அவையளுக்குச் சொல்லுவான்?” என்று கேட்டிருக்கிறார். அந்த அம்மையார் நல்ல விமர்சகர். சம்பந்தியாரிடம் இரக்கம் கேட்கும் வசனம் அது. தவிரவும், ஒரு சைக்கிளில் இருவர் போனார்கள் என்றாலே விஷயம் விளங்கிவிடுகிறது.

காலஞ்சென்ற தகப்பனாரைப் பற்றி எங்கே சொல்வது என்பதும் கேள்வியாயிற்று. இளைஞர் அதைக் கடைசியில் வைத்திருந்தார். கடைசியில் வைத்தால் குரல் உடையும். உடைந்தால் பேச்சு அழுகையில் முடியும், பெண்ணும் தாயும் சபை நடுவே கண் துடைக்க வேண்டி வரும். முற்பகுதியில் ஒரே வசனமாக வைத்துவிட்டால், பின்னால் வரும் சிரிப்பு எல்லாரையும் கைகொடுத்துத் தூக்கிவிடும். வர்ணனையும் வேண்டாம்; அவர் கை பட்ட ஒரு பொருளைச் சொன்னாற் போதும்.

மோதிரம் மாற்றிய பின், சாப்பாட்டுக்கு எழும்புமுன், அவர் பேசியது இது:

“எல்லாருக்கும் வணக்கம். நான் பெண்ணின்ரை தம்பி. அக்காவின்ரை பள்ளிக்கூடத்துக்கும் என்ரை பள்ளிக்கூடத்துக்கும் ஒரே வழி. அப்பா தன்ரை சைக்கிளின் இருக்கையைப் பதித்து அக்காவுக்குக் கொடுத்தார். அப்பா இன்றைக்கு இல்லை; அந்தச் சைக்கிள் இன்னும் எங்கடை விறாந்தையில் நிற்குது.

“அக்கா ஓடுவா. நான் பின்னாலே கரியரில் இருப்பன். சோளகம் வீசிற மாதங்களில் எதிர்க்காற்று. அக்காவுக்கு மூச்சு வாங்கும். ‘நீயும் ஓடப் பழகினால் மாறி மாறி ஓடலாமே, தம்பி’ என்று கேட்பா. ‘எனக்குப் பயமாயிருக்குது, அக்கா’ என்று சொல்லுவன்.

“அக்கா, இன்றைக்கு உங்களுக்கு ஒன்று சொல்ல வேணும். நான் ஆறாம் வகுப்பிலேயே ஓடப் பழகிவிட்டன்.

“மூன்று வருஷம் ஒருவருக்கும் சொல்லவில்லை. நீங்கள் பல்கலைக்கழகம் போன அடுத்த திங்கட்கிழமை நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு தனியப் பள்ளிக்கூடம் போனன். ‘பெடியன் ஒரே நாளிலை பழகிவிட்டான்’ என்று ஊரே மெச்சினது.

“அத்தான், அந்தக் கரியரில் இருந்தவன் சொல்லுறன்: அக்கா ஒருவரையும் நடுவழியில் இறக்கிவிட மாட்டா. ஆனால் உங்களுக்கு ஓடத் தெரியும் என்றதை முதல் நாளே சொல்லிப்போடுங்கோ. காற்று எதிர்த்தால் மாறி மாறி ஓடுங்கோ.”

தாளை அவர் கையிற் கொண்டு போகவில்லை. நடுங்கும் கையிலுள்ள தாள் ஒலிபெருக்கிக்கு அருகில் மழை போல இரையும். சிறு அட்டையொன்றில் ‘இருக்கை, சோளகம், ஆறாம் வகுப்பு, அத்தான்’ என்று நாலு குறிப்பு மட்டும் இருந்தது. ‘ஆறாம் வகுப்பிலேயே’ என்ற இடத்தில் சபை சிரித்தபோது, அவர் அடுத்த வசனத்துக்குத் தாவாமல் நின்றார். இதை நாலைந்து முறை சொல்லிப் பழக்க வேண்டியிருந்தது. முதன்முறை பேசுபவருக்குச் சபையின் சிரிப்பு ஓர் இடையூறாகவே படும். அதன் மேல் பேசிக்கொண்டே போவார். அடுத்த பகிடி அமுங்கிப் போகும். சிரிப்பு உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கும் வேளையே மீண்டும் வாய் திறக்கும் வேளை. காத்திருந்த நேரத்தையும் சேர்த்து அன்று இரண்டு நிமிஷத்துக்குச் சற்றுக் கூடுதலாய்ச் சென்றது.

பகிடி முழுவதும் தம்பியின் தலையில். அக்காவைப் பற்றி நல்லவள், பொறுமைசாலி என்று ஒரு புகழ்ச்சொற்கூட இல்லை. எதிர்க்காற்றில் அவள் மிதித்ததுதான் இருக்கிறது. மாப்பிள்ளைக்குச் சொன்ன புத்திமதியும் புத்திமதியாகத் தோன்றவில்லை. ஏனெனில் சொன்னவன் தன்னைக் கள்ளன் என்று முதலே ஒப்புக்கொண்டுவிட்டான். மாப்பிள்ளையின் தாயார் வீட்டுக்குக் கொண்டு போகக்கூடியது, தன் மருமகள் ஆகப்போகிறவள் தம்பியை மூன்று வருஷம் சுமந்தாள் என்ற கதை. அது எந்த நாளில் திரும்பி வந்தாலும் பெண்ணுக்குப் பாதகமில்லை.

ஒன்றையும் சொல்ல வேண்டும். இதே பேச்சை வேறொருவர் இரவல் வாங்க முடியாது. சைக்கிள் இல்லாத வீட்டில் வேறு ஏதாவது இருக்கும்: இரவில் விளக்குப் பிடித்தது, கணக்குக் கொப்பி எழுதிக் கொடுத்தது, அடியைத் தான் வாங்கிக்கொண்டது. மூத்த சகோதரன் பேசினால் ‘அத்தான்’ ‘மச்சான்’ ஆகும். அத்துடன் தொனியும் மாறும். தமையன் தன்னைக் கள்ளனாக்கிக் கொள்வது தம்பிக்குப் போல எளிதில் ஒட்டாது.

அட்டையில் இல்லாத கடைசி வசனம் ஒன்றும் அவரிடம் இருந்தது. சம்பந்தி வீட்டாரை வரவேற்கும் அழகான வசனம். நாமே சீர் செய்து கொடுத்தது. ‘மாறி மாறி ஓடுங்கோ’ என்றதும் எழுந்த சிரிப்பு அடங்கும்வரை அதைச் சொல்லக் காத்து நின்றார். அப்பொழுது மணவறையில் இருந்த தமக்கை, ஒலிபெருக்கி இல்லாமலே, முன்வரிசைக்குக் கேட்கும்படி சொன்னாள்:

“எனக்கு அப்பவே தெரியுமடா. உன்ரை காற்சட்டையிலை செயின் கிறீஸ் இருந்தது. தோய்ச்சது நான்தானே.”

இளைஞர் ஒரு கணம் வாயடைத்து நின்றார். பிறகு அந்த வசனத்தைச் சொல்லாமலே ஒலிபெருக்கியைக் கொடுத்துவிட்டு வந்து இருந்துவிட்டார். மாப்பிள்ளையின் தாயார் பக்கத்திலிருந்தவரிடம் “என்ன சொன்னவ?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். பின்வரிசைக்கு அந்தச் செய்தி போய்ச் சேர்வதற்குள் இலை போட்டுவிட்டார்கள்.