மஞ்சள் சுவரும் மயில்கழுத்துப் புடவையும்

திருமணத்துக்கு முந்தைய போட்டோ ஷூட்டுக்காக இப்போது ஜவுளிக்கடைகளில் 'கப்புள் செட்' கிடைக்கிறது. பெண்ணுக்குப் புடவை, மாப்பிள்ளைக்கு அதே நிறத்தில் சட்டை. கடைக் கண்ணாடி முன் நிற்கும்போது அழகாகத்தான் இருக்கும். படத்தில்தான் வம்பு. அவர் தோளில் இவர் சாயும்போது ஒரே நிறத் துணி இரண்டும் ஒட்டிப்போய், யார் கை எங்கே முடிகிறது என்றே தெரியாது. நேரில் நம் இரு கண்களுக்குத் தெரியும் ஆழம் படத்தில் இருப்பதில்லை. அங்கே ஓர் ஆளை இன்னோர் ஆளிடமிருந்து பிரித்துக் காட்டுவது நிற வேறுபாடும் வெளிச்சமும்தான்.

புதுச்சேரியின் ஒயிட் டவுனை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டு ஜோடிகள் அதிகம் போகும் இடம் அது. கடற்கரைக்கு இணையாக ஓடும் தூமா வீதி, ரொமேன் ரோலன் வீதி போன்றவற்றில் கடுகு மஞ்சள் சுவர், வெள்ளை விளிம்பு, மதிலுக்கு மேல் காகிதப்பூ. இந்த மஞ்சளை நினைக்காமல் துணி எடுத்தால் என்ன ஆகும்? பெண்ணுக்கு மாம்பழ மஞ்சள் புடவை, மாப்பிள்ளைக்குச் சந்தன நிறச் சட்டை என்று வையுங்கள். இருவரும் சுவரோடு சுவராகிவிடுவார்கள். முகம் மட்டும் தனியாக மிதக்கும்.

அதனால் இடத்தை முடிவு செய்த பிறகு புடவை, புடவையை முடிவு செய்த பிறகு சட்டை என்று போவதே சுலபம். கடுகு மஞ்சளுக்கு முன் மயில்கழுத்து நிறப் பருத்திப் புடவை பளிச்சென்று நிற்கும். அதற்கு அரக்கு நிறக் கரை இருக்கிறது என்று கொள்வோம். மாப்பிள்ளையின் உடையை இந்தக் கரையிலிருந்து எடுக்கலாம். ஆனால் அரக்கு நிறத்திலேயே சட்டை எடுத்துவிட்டால் புடவையும் அடர் நிறம், சட்டையும் அடர் நிறம். அணைத்து நிற்கும் படத்தில் பழைய சிக்கலே திரும்பி வரும். சட்டையை ஆஃப் ஒயிட் லினனில் எடுத்து, பாக்கு நிறப் பேன்ட் போட்டால் கரையின் சாயல் கீழே மட்டும் எட்டிப் பார்க்கும். இருவரும் பேசி வைத்து உடுத்தியது தெரியும். சீருடை மாதிரி இருக்காது.

ஏன் பளீர் வெள்ளை வேண்டாம்? வெயில் பட்ட மஞ்சள் சுவர் தன் நிறத்தைப் பக்கத்தில் நிற்பவர் மேல் அடிக்கும். வெள்ளைச் சட்டை அதை அப்படியே வாங்கிக்கொண்டு அழுக்கேறியதுபோலத் தெரியும். அதைக் கணினியில் சரிசெய்யப் போனால் சுவரின் மஞ்சள் செத்துவிடும். ஆஃப் ஒயிட்டில் ஏற்கெனவே கொஞ்சம் மஞ்சள் இருப்பதால் வித்தியாசம் தெரியாது. கன்னத்திலும் அந்தச் சாயல் விழும் என்பதால் சுவரை ஒட்டி நிற்காமல் நாலைந்து அடி தள்ளி நிற்பது நல்லது. பேன்டுக்குப் பதில் வேட்டிதான் என்றால் அதுவும் ஆஃப் ஒயிட்டாக இருக்கட்டும். பளீர் வெள்ளை வேட்டி பக்கத்தில் இருந்தால் புதுச் சட்டைகூட நாள்பட்டதாகத் தெரியும்.

துணியை வாங்குவதற்கு முன் இதைச் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. போன தடவை போனபோது எடுத்த சுவர்ப் படத்தை போனில் திறந்து, அதன் அருகே புடவையையும் சட்டையையும் வைத்து ஒரு படம் எடுங்கள். அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். நம் ஜோடிக்குப் புடவை கரும் சாம்பல், சுவர் நடுச் சாம்பல், சட்டை ஏறக்குறைய வெள்ளை என்று மூன்றும் மூன்று படியில் நிற்கும். இரண்டு ஒரே சாம்பலில் விழுந்தால் உடனே நிராகரிக்க வேண்டாம். நிறம் நேரெதிராக இருந்தால் வண்ணப் படத்தில் தப்பிக்கும். நிறமும் நெருங்கி, சாம்பலும் நெருங்கினால்தான் மாற்ற வேண்டும்.

டிசைனில் ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும். புடவையில் புட்டா நிறைய இருந்தால் சட்டை பிளெயின். பொடிக் கட்டம், மெல்லிய கோடு போட்ட சட்டையை மட்டும் எப்போதும் தவிர்க்கலாம்; வீடியோவில் அந்தக் கோடுகள் நெளிந்து அலையடிக்கும். பளீர்ச் சிவப்பிலும் கவனம் தேவை. கேமராவில் அது எளிதில் பொங்கிவிடும், மடிப்பெல்லாம் மறைந்து ஒரே சிவப்புப் பட்டையாகத் தெரியும். மேலே காகிதப்பூவும் இருந்தால் இரண்டும் சண்டை போடும்.

நிறம் பொருந்தியும் ஜோடி பொருந்தாமல் போவதுண்டு. அவர் கனமான காஞ்சிப் பட்டு, இவர் ஜீன்ஸ் என்றால், ஒருவர் முகூர்த்தத்துக்கும் மற்றவர் காய்கறி வாங்கவும் கிளம்பியதுபோல இருக்கும். பருத்திக்கு லினன், பட்டுக்குப் பட்டு வேட்டி.

இரண்டாவது உடை கடற்கரைக்கு. சூரியன் கடலில் உதிக்கும் ஊர் என்பதால் அங்கேதான் முதலில் போக வேண்டும்; வீதிக்கு அப்புறம் வரலாம். விடியும் முன் கடலும் வானமும் நீலச் சாம்பலாக இருக்கும், பாறைகள் கறுப்பு. மயில்கழுத்து இங்கே மங்கிப்போகும். வெங்காயச் சருகு நிறப் புடவையும் கருநீலச் சட்டையும் எடுபடும். அந்தச் சட்டையோடு கரும்பாறையில் சாய்ந்து நிற்க வேண்டாம், வானத்துக்கு எதிரில் நிற்கச் சொல்லுங்கள். பிளவுஸ் மாற்ற இடம் தேட வேண்டியிருக்கும் என்பதால், இரண்டு புடவைக்கும் பொருந்தும் அரக்கு பிளவுஸ் ஒன்றே போதும்.