கூட்டினால் ஒன்று வரவேண்டும்

மூன்று பேர் சமப் பங்கில் நடத்தும் ஜவுளிக்கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். நான்காவதாக ஒருவரை ஐந்தில் ஒரு பங்குக்குச் சேர்க்கிறார்கள். தட்டச்சு செய்பவர் பழைய பத்திரத்தின் வரிகளை அப்படியே வைத்து, கீழே புதியவரின் 1/5-ஐச் சேர்த்துவிடுகிறார். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. கூட்டினால்தான் வில்லங்கம் தெரியும்: மொத்தம் 6/5. பத்து லட்சம் லாபத்தில் பன்னிரண்டு லட்சத்தைப் பங்கு போடச் சொல்கிறது பத்திரம்!

புதியவருக்குப் போக மிச்சம் 4/5. அதை மூவருக்கும் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 4/15. பதினைந்தின் கீழ் எழுதினால் 4, 4, 4, 3, கூட்டுத்தொகை 15.

ஆனால் மெய்ப்புப் பார்ப்பவர் தானாகவே இப்படித் திருத்திவிடக் கூடாது. ஒரே கூட்டாளி மட்டும் தன் பங்கிலிருந்து விட்டுக்கொடுத்திருந்தால் கணக்கு 5, 5, 2, 3. அதுவும் பதினைந்துதான். எது ஒப்பந்தம் என்று கேட்டே ஆகவேண்டும்.

அடுத்த பொறி சதவீதம். 4/15 என்பது 26.666 என்று முடிவில்லாமல் ஓடும். 26.67 என மூன்று முறை எழுதி 20-ஐச் சேர்த்தால் 100.01. பத்து லட்சத்தில் நூறு ரூபாய் இடிக்கும். பின்னமே செல்லும், சதவீதம் தோராயம் என்று ஒரு வரி சேர்ப்பது நல்லது.

நஷ்டப் பிரிவையும் தனியாகக் கூட்டிப் பார்க்கவேண்டும். 1932-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம், 13-ஆவது பிரிவில், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது லாபமும் நஷ்டமும் சமம் என்கிறது. பங்குவிகிதமே எழுதாமல் விட்டால், ஐந்தில் ஒரு பங்குக்கு வந்தவர் நான்கில் ஒன்று கேட்கலாம்.