ஓர் அணியின் ட்ரைகளில் ஒருவருக்கு எவ்வளவு பங்கு?

2025ஆம் ஆண்டு ஆறு நாடுகள் ரக்பிப் போட்டியில் பிரான்ஸ் ஐந்து ஆட்டங்களில் 30 ட்ரை வைத்தது. அதில் எட்டு ஒரே ஆளுடையவை. விங்கர் லூயி பியெல்-பியாரே ஓர் ஆட்டத்தையும் விடாமல் ஐந்திலும் ட்ரை வைத்தார். ஒரே தொடரில் எட்டு என்பது அதற்கு முன் 1914இல் சிரில் லோவும், 1925இல் இயன் ஸ்மித்தும் மட்டுமே எட்டிய எண்ணிக்கை. அப்படிப்பட்டவர் அடுத்த ஆட்டத்திலும் ட்ரை வைப்பாரா என்று கேட்டால், "நிச்சயம்" என்றுதான் ரசிகர் சொல்வார். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் பந்தய நிறுவனங்கள் அந்தக் கேள்விக்கு ஒரு விலை வைக்கின்றன. அந்த விலைக்குப் பின்னால் உள்ள கணக்கு சுவையானது. பள்ளிக்கூட வகுத்தல், பெருக்கல் தெரிந்தவர் பிடித்துக்கொள்ளக்கூடியதும்கூட. (பணம் வைத்து ஆடும் இணையப் பந்தயங்களை இந்தியா 2025இல் சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டது. இங்கே நாம் பார்ப்பது கணக்கை மட்டும்.)

எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினால் அது ட்ரை, ஐந்து புள்ளி. அதன் பின் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் இன்னும் இரண்டு. ட்ரை வைப்பவர் மீதான பந்தயத்தில் பரவலானது, "ஆட்டத்தில் எப்போதாவது ஒரு ட்ரை வைப்பார்" என்பது. யூரோ ஒன்றுக்கு 2.20 என்று விலை போட்டிருந்தால், வென்றவருக்கு வைத்த பணத்தையும் சேர்த்து 2.20 யூரோ கிடைக்கும். ஒன்றை 2.20ஆல் வகுத்தால் சுமார் 45 சதவீதம். நிறுவனம் அந்த வீரருக்குக் கொடுக்கும் வாய்ப்பு அதுதான், தன் லாபத்தையும் அதில் ஏற்றிய பிறகு.

நம் கணக்கு தொடங்கும் இடம் அணி. முதலில் அணி எத்தனை ட்ரை வைக்கும் என்று மதிப்பிட்டு, பிறகுதான் அதில் இவருடைய பங்கு என்ன என்று பார்க்க வேண்டும். ரக்பியில் ட்ரை ஒருவரே உண்டாக்கும் பொருள் இல்லை. ஸ்க்ரமில் தள்ளுபவர்கள், பந்தைக் கடத்துபவர்கள், எதிராளியை இழுத்துப் பிடித்து இடைவெளி உண்டாக்குபவர்கள் எல்லோரும் சேர்ந்து செய்த வேலையின் கடைசி அடியை ஒருவர் எடுத்து வைக்கிறார். அந்தக் கடைசி அடி யார் காலில் வந்து விழும் என்பதைப் பெரும்பாலும் அவர் நிற்கும் இடம் தீர்மானிக்கிறது.

களத்தில் 15 பேர். எல்லோருக்கும் சமமாகப் பிரித்தால் தலைக்கு ஆறரை சதவீதத்துக்குச் சற்று மேல் வரும். உண்மையில் அப்படி விழுவதில்லை. 11, 14 எண் அணிந்த விங்கர்கள் மைதானத்தின் ஓரங்களில் நிற்பவர்கள். நடுவில் ஆட்கள் குவிந்தபின் காலியிடம் ஓரத்தில்தான் கிடைக்கும் என்பதால், பந்து கை மாறி வந்து சேருவது அவர்களிடம்தான். உலகக் கோப்பை ஒன்றில் எட்டு ட்ரை என்ற சாதனையை ஜோனா லோமு, பிரையன் ஹபானா, ஜூலியன் சவேயா, வில் ஜோர்டன் ஆகிய நால்வரும் விங்கர்களாகவே எட்டினார்கள். அதனால் விங்கருக்குச் சமப் பங்கைப்போல் இரு மடங்கு, அதாவது 14 சதவீதத்தை ஒட்டித் தொடங்குவது நியாயம். ஃபுல்பேக்குக்கும் சென்டருக்கும் அதைவிடக் குறைவாக வைக்கலாம். முன்வரிசைப் ப்ராப்புகளுக்கும் லாக்குகளுக்கும் சமப் பங்கைவிடக் குறைவு.

முன்வரிசையில் ஒருவர் மட்டும் இந்த ஒழுங்குக்குள் அடங்க மாட்டார்: 2ஆம் எண் ஹூக்கர். எதிரணியின் கோட்டுக்கு ஐந்து மீட்டரில் லைன்-அவுட் கிடைத்தால் பந்தை உள்ளே எறிபவர் அவர். பந்தைப் பிடித்தவரைச் சுற்றி முன்வரிசை ஆட்கள் ஒரு கொத்தாகக் கட்டிக்கொண்டு நகர்வார்கள், அதுதான் மால். எறிந்து முடித்த ஹூக்கர் ஓடி வந்து அந்தக் கொத்தின் பின்புறம் சேர்ந்து பந்தை வாங்கிக்கொள்வார். கொத்து கோட்டைத் தாண்டியதும் விழுந்து அழுத்துபவர் பெரும்பாலும் அவர்தான். அயர்லாந்தின் டான் ஷீஹன் 2024 ஆறு நாடுகள் தொடரில் ஐந்து ட்ரை வைத்தது ஹூக்கராக ஆடித்தான். ஆகவே ஹூக்கரின் பங்கை மதிப்பிடும்போது அவர் கால் வேகத்தைப் பார்ப்பதைவிட, பெனால்ட்டி கிடைத்தால் அந்த அணி கம்பத்துக்கு உதைக்குமா, ஓரத்துக்கு உதைத்து மால் கட்டுமா என்பதைப் பார்ப்பது மேல்.

இனி பியெல்-பியாரேயின் பங்கு. 30இல் 8 என்றால் 27 சதவீதம். அதை அப்படியே எடுத்துக்கொள்வதுதான் இந்தக் கணக்கில் அடிக்கடி நடக்கும் தப்பு. 30 என்பது சிறிய எண்ணிக்கை. இரண்டு பந்து வேறு பக்கம் துள்ளியிருந்தால் எட்டு ஆறாகியிருக்கும். இடத்துக்குரிய 14 சதவீதத்தையும் தள்ளிவிடாமல் அவருடைய சொந்தக் கணக்கோடு கலக்க வேண்டும். நான் கலக்கும் விதம் இது. இதற்கு முன் அணி இன்னொரு 50 ட்ரை வைத்ததாகவும், அதில் சாதாரண விங்கரின் பங்காக ஏழு அவருக்கு வந்ததாகவும் பாவித்துக்கொள்வேன். ஏழும் எட்டும் பதினைந்து. ஐம்பதும் முப்பதும் எண்பது. 80இல் 15 என்றால் 19 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. 50 என்ற எண் என் தேர்வு. இன்னும் பல ஆட்டங்களின் கணக்கு கையில் இருந்தால் அதன் செல்வாக்கு தானே கரைந்துவிடும். சிறந்த விங்கர் என்று இந்த எண்ணும் சொல்கிறது, ஆனால் 27 என்று சொல்லவில்லை.

அடுத்தது அணியின் ட்ரை. 30ஐ ஐந்தால் வகுத்து ஆட்டத்துக்கு ஆறு என்று போடலாம். ஆனால் அந்த ஆறு எப்படி வந்தது? வேல்ஸுக்கு எதிராக ஏழு, இங்கிலாந்துக்கு எதிராக மூன்று, இத்தாலிக்கு எதிராகப் பதினொன்று, அயர்லாந்துக்கு எதிராக ஐந்து, ஸ்காட்லாந்துக்கு எதிராக நான்கு. சராசரியான ஆறு எந்த ஆட்டத்திலும் நடக்கவில்லை. அதனால் வரப்போகும் ஆட்டத்துக்கென்று தனியாகவே மதிப்பிட வேண்டும். அணி எடுக்கும் என எதிர்பார்க்கும் புள்ளிகளிலிருந்து பின்னோக்கி வருவது எளிய வழி. 32 புள்ளி என்று வைத்துக்கொள்வோம். அதில் ஆறு பெனால்ட்டி உதைகளில் வரும் என்று கழித்தால் 26. நாலில் மூன்று உதைகள் உள்ளே போகும் என்றால் ஒரு ட்ரை சராசரியாக ஆறரைப் புள்ளி தருகிறது. 26ஐ ஆறரையால் வகுத்தால் நான்கு ட்ரை.

நான்கில் 15 சதவீதம் பங்குள்ள ஒரு விங்கர் முழு ஆட்டமும் ஆடினால் அவரிடம் எதிர்பார்க்கும் ட்ரை 0.6. இதையே 60 சதவீத வாய்ப்பு என்று எழுதிவிடக் கூடாது. சில ஆட்டங்களில் அவர் இரண்டு, மூன்று ட்ரைகூட வைப்பார்; அந்த உபரி ட்ரைகளுக்கு இந்தப் பந்தயத்தில் மதிப்பில்லை. குறைந்தது ஒன்றாவது வைப்பதற்கான வாய்ப்பைக் கணினியின் விரிதாளில் இப்படித் தட்டிப் பார்க்கலாம்:

```
=1-EXP(-0.6)
```

விடை 0.451. அதாவது 45 சதவீதம். லாபம் ஏற்றாத விலை 2.22. மேலே சொன்ன பிரான்ஸின் ஐந்து ஆட்டங்களுக்கும் இதே 15 சதவீத விங்கரை வைத்துத் தனித்தனியாகப் போட்டால் இங்கிலாந்து ஆட்டத்தில் 36, இத்தாலி ஆட்டத்தில் 81 என்று வருகிறது. ஐந்தின் சராசரி 56. ஆறு என்ற ஒரே எண்ணை வைத்துப் போட்டால் 59 வரும். பெரிய வெற்றி ஒன்றில் குவியும் ட்ரைகள் சராசரியைத் தூக்கிவிடுகின்றன. அந்த ஓர் ஆட்டத்தில் வாய்ப்பு நூறைத் தாண்டிப் போக முடியாததால் கணக்கு கொஞ்சம் ஊதிப்போகிறது.

போட்ட பங்குகள் சரியா என்று பார்க்க ஒரு நல்ல சோதனை உண்டு. பட்டியலில் உள்ள 23 பேரின் எதிர்பார்ப்பையும் கூட்டினால் அணியின் எதிர்பார்ப்புக்குச் சற்றுக் குறைவாக வர வேண்டும், கூடவே கூடாது. சற்றுக் குறைவு எதற்கென்றால், நடுவர் வழங்கும் பெனால்ட்டி ட்ரை யார் பெயரிலும் எழுதப்படுவதில்லை. நிறுவனத்தின் விலைகளையும் இதே உரைகல்லில் உரசலாம். 1.80 என்ற விலை 55.6 சதவீதம், `=-LN(1-0.556)` என்று தட்டினால் 0.81 ட்ரை. இப்படி 23 பேருக்கும் போட்டுக் கூட்டி 5.6 வருகிறது, ஆனால் அதே நிறுவனத்தின் புள்ளிக் கணிப்பு நான்கு ட்ரைதான் தருகிறது என்றால், இடையில் உள்ள 1.6 யாருமே வைக்கப்போகாத ட்ரை. வாடிக்கையாளர் அதற்கும் சேர்த்துத்தான் பணம் கொடுக்கிறார். அந்த ஊதல் எல்லோர் மேலும் சமமாக ஏறுவதுமில்லை. அரிதாக ட்ரை வைக்கும் ப்ராப்பின் கவர்ச்சியான விலையில்தான் அது பொதுவாக அதிகம்.

கடைசியாக நிமிடங்கள். ஆட்டம் 80 நிமிடம். எட்டு மாற்று வீரர்கள். முன்வரிசையில் பலரும் ஐம்பது, அறுபது நிமிடத்தில் வெளியே வந்துவிடுவார்கள். 2ஆம் எண் இடத்துக்கு மொத்தம் 11 சதவீதம் என்றால், அதைத் தொடங்குபவரும் அவருக்குப் பதில் வரும் 16ஆம் எண்காரரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். நான்கு ட்ரை ஆட்டத்தில் 55 நிமிடம் ஆடுபவருக்கு 26 சதவீதம், மிச்சம் 25 நிமிடம் ஆடுபவருக்கு 13. களைப்பு ஏறிய கடைசிக் கட்டத்தில் தற்காப்பு தளரும் என்பதால் மாற்று வீரருக்கு இதைவிடக் கொஞ்சம் கூட்டுவதும் சரியே.

ஓடும் வரிசையினருக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பது பெஞ்சைப் பார்த்தால் தெரிந்துவிடும். வழக்கமாக பெஞ்சில் ஐந்து முன்வரிசைக்காரர்களும் மூன்று பின்வரிசைக்காரர்களும் இருப்பார்கள். 2025இல் டப்ளினுக்குப் போன பிரான்ஸ் ஏழு பேரை முன்வரிசைக்கு வைத்து, பின்வரிசைக்கு மாக்சிம் லூக்கு ஒருவரையே உட்காரவைத்தது. அப்படியானால் விங்கர்களை மாற்ற ஆளில்லை. அவர்களுக்கு 80 நிமிடம் என்றே எழுதலாம். ஆனால் அதே பட்டியல் மற்றவர்களின் கணக்கைக் கலைத்தும் போட்டது. முதல் பாதியிலேயே கேப்டன் அந்துவான் துப்போன் முழங்கால் காயத்தோடு வெளியேறினார். அவர் இடத்துக்கு லூக்கு போனார். அடுத்து சென்டர் பியர்-லூயி பராசியும் வெளியேற, பெஞ்சில் மிச்சம் இருந்தவர்கள் முன்வரிசைக்காரர்கள் மட்டுமே. ஃப்ளாங்கரான ஒஸ்கார் ஜெகு சென்டர் இடத்தில் இறங்கினார், ஒரு ட்ரையும் வைத்தார். பியெல்-பியாரே அன்று இரண்டு வைத்தார். துப்போன் பெயரில் பணம் வைத்தவர்களுக்கு அது திரும்பவில்லை: களத்தில் ஒரு நிமிடம் கால் வைத்தாலும் பந்தயம் செல்லும் என்பதே வழக்கமான விதி.