காதில் இனித்த சிலேடை தாளில் ஏன் கசக்கிறது?

கல்யாண வீட்டுப் பந்தி. மட்டன் அடிப்பிடித்துக் கருகிவிட்டது. இலையைப் பார்த்த மாமா ஒருவர், "கறி விருந்துன்னுதானே கூப்பிட்டீங்க, சொன்ன சொல் தவறலையே!" என்கிறார். வரிசையே சிரிக்கிறது. அதையே துணுக்காக எழுதிப் பாருங்கள், படிப்பவர் முகத்தில் சலனமே இருக்காது.

பேச்சில் நம்மில் பெரும்பாலோர் ரகரத்தையும் றகரத்தையும் ஒரே மாதிரிதான் ஒலிக்கிறோம். மாமா சொன்ன ஒரே சொல் காதில் இறைச்சியாகவும் அடுப்புக்கரியாகவும் சேர்ந்தே விழுகிறது. தாளிலோ ஏதாவது ஓர் எழுத்தைப் போட்டே ஆகவேண்டும். 'கறி' என்று போட்டால் கருகியது மறைந்துவிடும். 'கரி' என்று போட்டால் அச்சுப்பிழை என்று தாண்டிப் போய்விடுவார்கள். (இந்த இரண்டு ஒலிகளையும் இன்றும் பிரித்தே பேசுகிற குமரி மாவட்டத்தாரிடம் மாமாவின் பருப்பு பந்தியிலேயே வேகாது.)

இதற்கு வைத்தியம், இரண்டு எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துவது: "அழைப்பில் கறி விருந்து, இலையில் கரி விருந்து." காது செய்த வேலையை இப்போது கண் செய்கிறது. மாமாவின் அப்பாவித்தனம் கொஞ்சம் போய்விடும்தான். ஆனால் சிரிப்பு பிழைத்துக்கொள்ளும்.

ஒரு சொல்லைப் பிரித்தால் வேறு பொருள் வருகிற சிலேடைக்கு இந்த மருந்து பலிக்காது. தண்டியலங்காரம் இதைப் பிரிமொழிச் சிலேடை என்கிறது. தோசை வார்ப்பவரிடம், "உங்க மாவட்டம் ரொம்பச் சின்னதா இருக்கே" என்று ஒருவர் கேட்டால், கல்லையும் கரண்டியையும் பார்த்துக்கொண்டு நிற்பவருக்கு உடனே புரியும். படிப்பவருக்குக் கல்லும் இல்லை, கரண்டியும் இல்லை. 'மா வட்டம்' என்று இடம்விட்டு எழுதினாலோ, விடையைச் சொல்லிவிட்டு விடுகதை போட்ட கதை. சொல்லைச் சேர்த்தே எழுதுங்கள், திருத்தத்தை அதற்கு முந்தைய வரியில் செய்யுங்கள்: "கல்லில் மாவு உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாகப் பரவி நின்றது. 'இந்த மாவட்டத்துக்குக் கலெக்டர் யாருங்க?' என்றார்." மாவும் வட்டமும் முன்பே மனதில் விழுந்துவிட்டதால், சொல் தானாகவே பிரிகிறது. 'கலெக்டர்' அதை மறுபடியும் ஒட்டவைக்கிறது.

நேர் எதிரான வகையும் உண்டு. "ஆடியவர் முகத்தில் பாவம் இல்லை, பார்த்தவர்தான் பாவம்" என்பது தாளில் கச்சிதம். நம் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே 'பா'தான். முதலாவதை வடமொழி ஒலிப்பில் அழுத்திச் சொல்லும் நாட்டிய ரசிகர் வாயில் அது சிதறிவிடும்.

சிலேடைச் சொல்லுக்கு மேற்கோள்குறி போடுவது விலாவில் இடிப்பதுபோல; ஒரு தடவைக்குப் பொறுத்துக்கொள்ளலாம். அடைப்புக்குறிக்குள் பொருள் சொல்வதை மட்டும் செய்யாதீர்கள். எழுதியதை விஷயம் தெரியாத ஒருவரிடம் கொடுத்து, வாய்விட்டுப் படிக்காமல் பார்க்கச் சொல்லுங்கள். அவர் நிமிர்ந்து "என்ன இது?" என்று கேட்டால், அந்தச் சிலேடையைப் பந்திக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள்.