மீதியை வைத்துக்கொள்ளச் சொல்வது ஏன்?

காட்டுப்பள்ளித் துறைமுகம், கும்மிடிப்பூண்டி சிப்காட் பகுதிகளில், வெளிமாநிலத் தொழிலாளர்கள் ஊருக்குப் பணம் அனுப்பும் கடைகள் பழக்கமான காட்சி. “அத்தகைய கடையின் சேவையை வாடிக்கையாளர்போலச் சென்று ரகசியமாக மதிப்பிடுங்கள். உங்கள் கணக்கில் பணம் போடுகிறோம். சொல்லும் தொகையை அனுப்பிவிட்டு மீதியை ஊதியமாக வைத்துக்கொள்ளுங்கள்” என்று கைப்பேசியில் ஒரு வேலை வந்தால், நம்புவதற்கு இடமிருக்கிறது. ‘மிஸ்டரி ஷாப்பர்’ என்னும் தொழில் உண்மையிலேயே இருப்பதுதான் அதற்குக் காரணம்.

இந்த மோசடி அமெரிக்காவில் பரவலானது. அங்கு வங்கியில் போட்ட காசோலைக்கான பணத்தை ஓரிரு நாளில் எடுத்துக்கொள்ளலாம். காசோலை போலி என்பது தெரியவர வாரங்கள்கூட ஆகலாம். இந்த இடைவெளிதான் மூலதனம். உதாரணமாக, 2,000 டாலர் காசோலை வருகிறது. 300 டாலரை வைத்துக்கொண்டு 1,700 டாலரை வெஸ்டர்ன் யூனியன் வழியே அனுப்பச் சொல்கிறார்கள். காசோலை திரும்பியதும் வங்கி முழு 2,000 டாலரையும் கேட்கும். அனுப்பிய பணமோ அதற்குள் கைமாறியிருக்கும். இத்தகைய மோசடிகளுக்குத் தன் சேவை பயன்பட்டது தொடர்பான வழக்குகளில், 2017இல் வெஸ்டர்ன் யூனியன் 58.6 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது.

இந்தியாவில் இந்த வழி எளிதன்று. காசோலை தீர்வான பிறகே பொதுவாகப் பணம் கணக்கில் சேர்கிறது. ரிசர்வ் வங்கியின் பணப் பரிமாற்றச் சேவைத் திட்டத்தின்கீழ் இயங்கும் நிறுவனங்கள் வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தைத்தான் வழங்க முடியும். அத்திட்டத்தில் இங்கிருந்து வெளிநாட்டுக்கு அனுப்ப இடமே இல்லை.

ஆகவே இங்கே வேடம் மாறுகிறது. காசோலைக்குப் பதில் யுபிஐ வழியே உண்மையான பணம் வருகிறது. 40,000 ரூபாய் வருகிறது. 4,000 உங்களுக்கு, 36,000 வேறொரு கணக்குக்கு என்று வைத்துக்கொள்வோம். அந்த 40,000 ரூபாய் எங்கோ ஒருவர் ஏமாந்து இழந்ததாக இருக்கலாம். அவர் புகார் அளித்ததும், காவல்துறை பணம் சென்ற தடத்தில் முதலில் காண்பது உங்கள் பெயரைத்தான், கணக்கு முடக்கப்படும். சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைக்காமல் முழுக் கணக்கையும் முடக்குவது சரியன்று என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் ஒரு வழக்கில் கூறியது. ஆயினும் அந்த நிவாரணத்துக்கு நீதிமன்றம்வரை போகவேண்டியிருப்பது, மாதச் சம்பளத்தை நம்பிய தொழிலாளிக்குப் பெரும் சுமை.

அடையாளம் காண ஒரு கேள்வி போதும்: பணம் எந்தத் திசையில் நகர்கிறது? உண்மையான மதிப்பீட்டு நிறுவனம், அறிக்கை பெற்ற பிறகு சிறு கட்டணமும் வாங்கிய பொருளின் விலையும் தரும். முன்கூட்டியே பெருந்தொகை போட்டு, அதன் பெரும்பகுதியை மூன்றாம் நபருக்கு அனுப்பச் சொல்லாது.

அறியாத பணம் வந்துவிட்டால், அதைத் தொடவும் வேண்டாம், கேட்பவருக்கு நீங்களே திருப்பி அனுப்பவும் வேண்டாம். வங்கிக்கு எழுத்துமூலம் தெரிவியுங்கள். ஏற்கெனவே அனுப்பிவிட்டிருந்தால், உடனே 1930 எண்ணிலோ cybercrime.gov.in தளத்திலோ புகார் செய்யுங்கள். நீங்களே முதலில் தெரிவித்த பதிவு, பின்னாளில் உங்கள் தரப்பைச் சொல்லும் சான்றாக நிற்கும்.